இன்வாய்ஸில் "2/10, 1/20, n/30" என்று இருக்கிறது: மார்ச் 9ஆம் தேதி கட்டினால் எவ்வளவு கட்ட வேண்டும்?

கலா_கிளமெண்டி | 3 மார்ச் 2026, இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். தேக்கா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையின் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். சமையலறைக்கு எவர்சில்வர் பாத்திரங்கள் புதிதாக ஒரு சப்ளையரிடம் வாங்கினோம். இதுவரை எங்களுக்கு வந்த இன்வாய்ஸ்களில் "30 நாள்" என்று மட்டும்தான் இருக்கும். இதில் கட்டண நிபந்தனை என்ற இடத்தில் `2/10, 1/20, n/30` என்று போட்டிருக்கிறார்கள்.

இன்வாய்ஸ் தேதி 24 பிப்ரவரி. சரக்கு வந்து சேர்ந்தது 27 பிப்ரவரி. தொகை இப்படி:

சரக்கு 4,800.00
டெலிவரி 120.00
ஜிஎஸ்டி 9% 442.80
மொத்தம் 5,362.80 வெள்ளி

இதில் இரண்டு பெரிய அண்டாக்கள் நசுங்கி வந்தன. திருப்பி அனுப்பிவிட்டோம். அதற்கு 300.00 வெள்ளியும் அதன் ஜிஎஸ்டி 27.00 வெள்ளியும் சேர்த்து 327.00 வெள்ளிக்குக் கிரெடிட் நோட் வந்துவிட்டது.

முதலாளி திருச்சிக்குப் போயிருக்கிறார். ஞாயிறுதான் திரும்புகிறார். அதனால் திங்கள், 9 மார்ச் அன்று பணம் அனுப்பலாம் என்று இருக்கிறேன். தொலைபேசியில் கேட்டதற்கு, "2/10 என்றால் 2 நாளில் கட்டினால் 10 விழுக்காடு குறைப்பார்கள், அது போய்விட்டது, விடு" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 9ஆம் தேதி சரியாக எவ்வளவு அனுப்ப வேண்டும்?

---

யீஷூன்_பாலு | 3 மார்ச், இரவு 9:42

முதலாளி எண்களை மாற்றிப் படித்துவிட்டார், கலா. முன்னால் இருப்பது விழுக்காடு, பின்னால் இருப்பது நாள். 10 நாளுக்குள் கட்டினால் 2 விழுக்காடு தள்ளுபடி. 20 நாளுக்குள் என்றால் 1 விழுக்காடு. அதையும் விட்டால் 30ஆம் நாளுக்குள் முழுத்தொகை.

சரக்கு உங்கள் கைக்கு வந்தது 27 பிப்ரவரி. அதிலிருந்து 10 நாள் என்றால் சரியாக 9 மார்ச். ஆகவே 2 விழுக்காடு உங்களுக்கு உண்டு. 5,362.80-க்கு 2 விழுக்காடு 107.26. அதைக் கழித்தால் 5,255.54. கிரெடிட் நோட் 327-ஐயும் கழித்தால் 4,928.54 வெள்ளி. இதை அனுப்பிவிடுங்கள்.

---

உட்லண்ட்ஸ்_ராஜி | 3 மார்ச், இரவு 10:25

பாலு, எண்களைப் படித்த விதம் சரி. மற்ற மூன்று இடங்களில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் பணம் வசூலிக்கும் பக்கம் உட்கார்ந்திருப்பவள். ஹார்டுவேர் மொத்த வியாபாரத்தில் வாடிக்கையாளர்கள் குறைத்து அனுப்பும் தொகைகளைப் பொருத்திப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் தேதி. நிபந்தனையில் வேறு எதுவும் எழுதவில்லை என்றால் நாள் எண்ணுவது இன்வாய்ஸ் தேதியிலிருந்துதான். சரக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவதாக இருந்தால் கூடவே ROG என்றோ, "சரக்கு பெற்ற நாளிலிருந்து" என்றோ எழுதியிருப்பார்கள். கலா கொடுத்த வரியில் அது இல்லை. ஆகவே 24 பிப்ரவரிதான் தொடக்கம். அந்த நாளை எண்ணுவதில்லை; 25 பிப்ரவரிதான் முதல் நாள். இந்த ஆண்டு பிப்ரவரிக்கு 28 நாள். 28ஆம் தேதியோடு நான்கு நாள் முடிகிறது. மீதி ஆறு நாளை மார்ச்சில் எண்ணினால் 10ஆம் நாள் மார்ச் 6, வெள்ளிக்கிழமை. அதேபோல் 20ஆம் நாள் மார்ச் 16, திங்கள். 30ஆம் நாள் மார்ச் 26, வியாழன். 9ஆம் தேதி முதல் படியைத் தாண்டி இரண்டாவது படியில் விழுகிறது. கிடைப்பது 1 விழுக்காடுதான்.

இரண்டாவது, கிரெடிட் நோட். திருப்பி அனுப்பிய அண்டாவுக்கு நீங்கள் பணமே கட்டப்போவதில்லை. கட்டாத பணத்துக்குத் தள்ளுபடி கிடையாது. அதனால் முதலில் திரும்பிய சரக்கைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் விழுக்காடு போட வேண்டும். பாலு முழுத்தொகைக்குத் தள்ளுபடி போட்டுவிட்டுப் பிறகு கழித்திருக்கிறார்.

மூன்றாவது, எந்தத் தொகைக்குத் தள்ளுபடி என்பது. இது இன்வாய்ஸுக்கு இன்வாய்ஸ் மாறும். கலா, அந்த நிபந்தனைக்குக் கீழே அல்லது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். டெலிவரிக்கும் ஜிஎஸ்டிக்கும் தள்ளுபடி உண்டா இல்லையா என்பது அங்கேதான் இருக்கும். அதைப் பார்க்காமல் நான் தொகை சொல்ல மாட்டேன்.

---

புக்கிட்_பாத்தோக்_ஜமால் | 3 மார்ச், இரவு 11:03

இதே கதைதான் எனக்கும். மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பருப்பு தரும் மொத்த வியாபாரி 2/10 EOM என்று போடுகிறார். பிப்ரவரி 12 இன்வாய்ஸ் ஒன்று கையில் இருக்கிறது. 22ஆம் தேதியோடு தள்ளுபடி போச்சு என்று ஓரமாக வைத்துவிட்டேன். கெடுவுக்குள் முழுத்தொகை கட்டாவிட்டால் அபராதம் போடுவார்களா?

---

உட்லண்ட்ஸ்_ராஜி | 3 மார்ச், இரவு 11:20

ஜமால் பாய், உங்களுடையது கலாவின் கேள்வி இல்லை. ஆனால் உடனே எடுத்துப் பாருங்கள், தள்ளுபடி இன்னும் போகவில்லை. EOM என்று இருந்தால் எண்ணுவது மாத முடிவிலிருந்து. பிப்ரவரி 12 இன்வாய்ஸுக்குப் பிப்ரவரி 28ஆம் தேதிக்குப் பிறகு 10 நாள், அதாவது மார்ச் 10 வரை 2 விழுக்காடு உண்டு. மாதக் கடைசி வாரத்தில் வரும் இன்வாய்ஸைச் சிலர் அடுத்த மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். உங்களுடையது 12ஆம் தேதி என்பதால் அந்தக் குழப்பம் இல்லை.

அபராதம் தனி விஷயம். தள்ளுபடி வரியில் அது இருக்காது. தாமதத்துக்கு வட்டி உண்டு என்று அவர்களுடைய ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருக்கிறதா பாருங்கள்.

---

கலா_கிளமெண்டி | 4 மார்ச், காலை 8:35

ராஜி அக்கா, பின்பக்கம் பார்த்தேன். இருக்கிறது! தள்ளுபடி சரக்கு விலைக்கு மட்டுமே, டெலிவரிக்கும் ஜிஎஸ்டிக்கும் கிடையாது என்று ஒரு வரி. அதற்குக் கீழே, பணம் அவர்களுடைய வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த நாளே கட்டிய நாளாகக் கொள்ளப்படும் என்று இன்னொரு வரி.

---

உட்லண்ட்ஸ்_ராஜி | 4 மார்ச், மதியம் 12:50

இப்போது தொகை சொல்லலாம்.

சரக்கு 4,800-இல் திரும்பியது 300 போக 4,500.00. டெலிவரி 120.00 அப்படியே. ஜிஎஸ்டி 442.80-இல் கிரெடிட் நோட்டின் 27.00 போக 415.80. எல்லாம் சேர்த்து 5,035.80. தள்ளுபடியே இல்லாமல் 26ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியது இதுதான்.

மார்ச் 6 வரை: 4,500-க்கு 2 விழுக்காடு 90 வெள்ளி. கட்ட வேண்டியது 4,945.80.
மார்ச் 7 முதல் 16 வரை: 1 விழுக்காடு 45 வெள்ளி. கட்ட வேண்டியது 4,990.80.
மார்ச் 17 முதல் 26 வரை: 5,035.80.

நீங்கள் கேட்ட 9ஆம் தேதிக்கு விடை 4,990 வெள்ளி 80 காசு. பாலு சொன்ன 4,928.54-ஐ அனுப்பியிருந்தால் 62.26 வெள்ளி குறைவாகப் போயிருக்கும். அந்த 62.26 அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் பாக்கியாக நிற்கும், என்னைப் போல ஒருத்தி உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தொகை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதில்லை, படி படியாக ஏறுகிறது. 6ஆம் தேதியைத் தவறவிட்டால் 9ஆம் தேதி கட்டுவதும் 16ஆம் தேதி கட்டுவதும் ஒரே தொகைதான். ஆகவே 9ஆம் தேதி என்பதைப் பணக்கணக்கு முறையில் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை. ஒன்று இந்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டி 45 வெள்ளி மிச்சப்படுத்துங்கள், அல்லது 16 வரை பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

---

புக்கிட்_பாத்தோக்_ஜமால் | 4 மார்ச், மதியம் 1:30

கடைசி நாள் வரைக்கும் இழுக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, ராஜி. புது சப்ளையர். 9ஆம் தேதி கட்டினால் நல்ல பெயர் கிடைக்கும். நாளைக்கு அவசரமாகச் சரக்கு கேட்கும்போது அந்தப் பெயர்தான் உதவும்.

---

உட்லண்ட்ஸ்_ராஜி | 4 மார்ச், மதியம் 1:44

அதை மறுக்க மாட்டேன் பாய். ஆனால் அவர்களே 16 வரை நேரம் கொடுத்திருக்கும்போது 16ஆம் தேதி கட்டுபவரை நாங்கள் தாமதக்காரர் என்று குறித்துவைப்பதில்லை. நிபந்தனையைத் தாண்டியும் தள்ளுபடியை எடுத்துக்கொள்பவரைத்தான் குறித்துவைக்கிறோம்.

---

தோபாயோ_மீனா | 4 மார்ச், மாலை 6:15

எனக்கு ஜிஎஸ்டியில் ஒரு சந்தேகம். எங்கள் அலுவலகத்துக்கு வரும் ஒரு சப்ளையர் ஜிஎஸ்டியையே தள்ளுபடி போன விலைக்குத்தான் கணக்கிட்டுப் போடுகிறார். நாங்கள் தள்ளுபடியை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த ஜிஎஸ்டி மாறாது. கலாவின் சப்ளையர் முழு விலைக்குப் போட்டிருக்கிறார். தள்ளுபடி எடுத்தால் ஜிஎஸ்டியும் குறைய வேண்டாமா? 45 வெள்ளிக்கு 9 விழுக்காடு என்றால் 4.05. கலா அதையும் கழிக்கலாமே?

---

உட்லண்ட்ஸ்_ராஜி | 4 மார்ச், இரவு 8:05

மீனா, நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். இன்வாய்ஸ் எந்த வகை என்பதை ஜிஎஸ்டி எண்ணே காட்டிக்கொடுக்கும். சரக்கும் டெலிவரியும் சேர்ந்து 4,920. அதற்கு 9 விழுக்காடு 442.80. இன்வாய்ஸில் இருப்பது அதுவேதான், அப்படியானால் முழு விலைக்குப் போட்டிருக்கிறார்கள். உங்கள் சப்ளையரின் முறையில் போட்டிருந்தால் முதலில் 4,800-இலிருந்து 2 விழுக்காட்டைக் கழித்து 4,704 ஆக்கி, டெலிவரியைச் சேர்த்து 4,824-க்கு வரி போட்டிருப்பார்கள். அது 434.16 வெள்ளி. இன்வாய்ஸ் கைக்கு வந்ததும் இந்த இரண்டில் எது என்று கால்குலேட்டரில் தட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

ஆனால் அந்த 4.05-ஐக் கலா தானாகக் கழிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வரி இன்வாய்ஸில் ஒரு தொகையைப் போட்டுவிட்டு, கட்டுகிறவர் வேறு தொகையை வைத்துக்கொண்டால் இரண்டு பக்கக் கணக்கும் ஒத்துப்போகாது. வரியை மாற்ற வேண்டும் என்றால் அதைச் சப்ளையர்தான் கிரெடிட் நோட் போட்டு மாற்ற வேண்டும். இந்த இன்வாய்ஸில் ஜிஎஸ்டிக்குத் தள்ளுபடி இல்லை என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

---

தோபாயோ_மீனா | 4 மார்ச், இரவு 8:31

தானாகக் கழிக்கக் கூடாது என்பது சரி. ஆனால் வாங்காத பணத்துக்கு வரி போட்டிருப்பது சரிதானா என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. கலா, சப்ளையரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். அடுத்த இன்வாய்ஸிலாவது மாற்றுகிறார்களா பார்ப்போம்.

---

சுரேந்தர்_பொங்கோல் | 4 மார்ச், இரவு 10:12

ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் விரல்விட்டு எண்ண வேண்டாம் அக்கா. எக்செல்லில் C2-இல் இன்வாய்ஸ் தேதி, D2-இல் திரும்பியது போக மிஞ்சிய சரக்கு விலை, E2-இல் டெலிவரியும் ஜிஎஸ்டியும், F2-இல் கட்டப்போகும் தேதி. பிறகு இது:

```
=D2+E2-ROUND(D2*IF(F2<=C2+10,2%,IF(F2<=C2+20,1%,0)),2)
```

4500, 535.80, இரண்டு தேதிகள் கொடுத்துப் பார்த்தேன். 9 மார்ச்சுக்கு 4990.80 வருகிறது. F2-ஐ மட்டும் மாற்றினால் எந்தத் தேதிக்கும் தொகை கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. கணினி அமெரிக்கத் தேதி முறையில் இருந்தால் 09/03/2026 என்று தட்டியதை அது செப்டம்பர் 3 என்று எடுத்துக்கொள்ளும். தள்ளுபடி இல்லாத 5035.80 வந்து நிற்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. அதே கணினியில் 24/02/2026 என்று தட்டினால் 24ஆம் மாதம் கிடையாது என்பதால் அது தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக இருக்கும், சூத்திரம் `#VALUE!` என்று காட்டும். தேதி கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். மாதப் பெயர் தெரிகிற மாதிரி கட்டத்தை வடிவமைத்துவிட்டால் இந்தத் தொல்லை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

---

யீஷூன்_பாலு | 5 மார்ச், காலை 7:20

சரக்கு வந்த தேதியைப் பிடித்துக்கொண்டேன், ராஜி அக்கா சொல்வது சரி. ஆனால் 45 வெள்ளி, 90 வெள்ளி என்று சின்னதாகப் பார்க்காதீர்கள். 2 விழுக்காட்டை விட்டுவிட்டு 30ஆம் நாள் கட்டினால், 4,410 வெள்ளியைக் கூடுதலாக 20 நாள் வைத்திருக்க 90 வெள்ளி கொடுக்கிறோம். ஆண்டுக் கணக்கில் அது ஏறக்குறைய 37 விழுக்காடு வட்டி. வங்கியில் ஓவர்டிராஃப்ட் எடுத்துக் கட்டினாலும் லாபம்தான். முதலாளிக்கு இதைச் சொல்லுங்கள், கலா. திருச்சியிலிருந்தே ஒப்புதல் கொடுத்துவிடுவார்.

---

புக்கிட்_பாத்தோக்_ஜமால் | 5 மார்ச், காலை 9:48

ஓவர்டிராஃப்ட் இருக்கிறவருக்கு அது சரி. கையில் பாதிப் பணம்தான் இருக்கிறது என்றால்? எனக்கு இப்போது 2,000 வெள்ளிதான் ஒதுக்க முடியும். அதை மட்டும் 10ஆம் தேதிக்குள் கட்டினால் அந்தப் பகுதிக்குத் தள்ளுபடி உண்டா? அப்படி என்றால் 2,000-க்கு 2 விழுக்காடு 40, ஆக 2,040 வெள்ளி கழிந்ததாக எழுதிக்கொள்ளலாமா?

---

உட்லண்ட்ஸ்_ராஜி | 5 மார்ச், மதியம் 12:35

பகுதிப் பணத்துக்குத் தள்ளுபடி கொடுப்பது சப்ளையரின் விருப்பம், பாய். எங்கள் நிறுவனம் கொடுப்பதில்லை. முழுத்தொகையும் நாளுக்குள் வந்தால்தான் உண்டு. முதலில் அவரிடம் கேளுங்கள்.

கொடுக்கிறார் என்றே வைத்துக்கொண்டாலும் 2,040 இல்லை. நீங்கள் அனுப்பும் 2,000 தள்ளுபடி போன பிறகு உள்ள தொகை. அதாவது கழியும் கடனில் 98 விழுக்காடுதான் இந்த 2,000. ஆகவே 2,000-ஐ 0.98-ஆல் வகுக்க வேண்டும், 2,040.82 வரும். சரிபார்க்க, 2,040.82-க்கு 2 விழுக்காடு 40.82, கழித்தால் 2,000. உங்களுக்கு 82 காசு லாபம்தான். தொகை பெரிதாகப் பெரிதாக அந்த வித்தியாசமும் வளரும்.

கலா, இன்று வியாழன். நாளை கட்டுவதாக இருந்தால் GIRO வேண்டாம். அது போய்ச் சேர வேலை நாட்கள் பிடிக்கும், நடுவில் சனி ஞாயிறு வேறு. உங்கள் சப்ளையர் கணக்கில் சேர்ந்த நாள் என்று எழுதியிருக்கிறார். FAST-இல் அனுப்பினால் உடனே சேர்ந்துவிடும். காசோலை நாளை அவர் கையில் இருந்தாலும் பணம் கணக்கில் சேர அடுத்த வேலை நாள் ஆகும்.

---

கலா_கிளமெண்டி | 6 மார்ச், மாலை 4:20

முதலாளியிடம் பாலு அண்ணன் சொன்ன 37 விழுக்காட்டைச் சொன்னேன். இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு இன்று மதியம் கைப்பேசியிலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டார். FAST-இல் 4,945.80 வெள்ளி அனுப்பியாகிவிட்டது. குறிப்பில் இன்வாய்ஸ் எண்ணும் கிரெடிட் நோட் எண்ணும் இரண்டையும் போட்டேன். கூடவே மின்னஞ்சலில் கணக்கையும் அனுப்பினேன்: 4,500-க்கு 2 விழுக்காடு, டெலிவரி, ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனியாக. மீனா அக்கா சொன்ன ஜிஎஸ்டி கேள்வியையும் அதிலேயே கேட்டிருக்கிறேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

---

உட்லண்ட்ஸ்_ராஜி | 6 மார்ச், மாலை 5:02

கணக்கைப் பிரித்து எழுதி அனுப்பியது மிகச் சரி. அந்தப் பக்கம் பொருத்துகிறவருக்கு ஐந்து நிமிட வேலையாகப் போய்விடும்.

---

யீஷூன்_பாலு | 6 மார்ச், இரவு 7:15

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. கலாவுக்கு 10ஆம் நாள் வெள்ளிக்கிழமையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் திங்கள் கட்டலாமா?

---

சுரேந்தர்_பொங்கோல் | 6 மார்ச், இரவு 7:40

எங்கள் சப்ளையர்கள் திங்கள் வந்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். FAST ஞாயிறும் வேலை செய்கிறது, அன்றே அனுப்பிவிட்டால் பிரச்சினையே இல்லை.

---

உட்லண்ட்ஸ்_ராஜி | 6 மார்ச், இரவு 8:26

எங்களிடம் எழுத்தில் இல்லாவிட்டால் ஏற்றுக்கொள்ள மாட்டோம். திங்கள் வந்த பணத்துக்குத் தள்ளுபடியைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறோம். சிலர் கட்டினார்கள், சிலரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.